எத்தனை கிலோ மாம்பழம் வேணும்? கற்பவரின் குரலை மாதிரிக் குரலோடு பொருத்திப் பார்க்கும் வழிகாட்டி

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளிலும் மண்டிகளிலும் சீசனுக்கு வேலைக்கு வரும் ஒடிசாக்காரர்கள் சிலருக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்கு எழுத்து வேண்டாம். எடை கேட்க வேண்டும், விலை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தை நம்ம ஊர்க்காரர் ஒருவர் சொல்லிப் பதிவு செய்கிறோம். கற்பவர் அதைக் கேட்டுத் திரும்பச் சொல்கிறார். இரண்டு பதிவையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, எந்த இடத்தில் விலகியது என்று பார்க்கிறோம். பொருத்துவதற்கு டைனமிக் டைம் வார்ப்பிங் என்ற முறை. இனி டி.டி.டபிள்யூ என்றே சொல்கிறேன்.

இதைப் பற்றி எழுதுபவர்களில் பலர் கடைசியில் வரும் ஒரே எண்ணை, அதாவது மொத்த தூரத்தை, மதிப்பெண்ணாக மாற்றிக் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். தமிழுக்கு அது போதாது. ஏன் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## நீட்டிச் சுருக்கும் கணக்கு

ஒரே வாக்கியத்தை ஒரே ஆள் இரண்டு முறை சொன்னாலும் வேகம் மாறும். எனவே நொடிக்கு நொடி ஒப்பிட முடியாது. டி.டி.டபிள்யூ என்ன செய்கிறது என்றால், ஒரு பதிவின் காலத்தை அங்கங்கே இழுத்தும் சுருக்கியும் மற்றதோடு மிகக் குறைந்த செலவில் ஒட்டவைக்கிறது. 1968-இல் கீவ் நகரில் வின்ட்சியூக் என்பவர் பேச்சொலிக்கு இந்த வழியைச் சொன்னார். 1978-இல் ஜப்பானின் சகோயே, சிபா இருவரும் எழுதிய கட்டுரை அதைப் பரவலாக்கியது.

கையால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும். மாதிரிக் குரலை 1, 3, 3, 1 என்ற நான்கு எண்களாகவும், கற்பவர் குரலை 1, 3, 1 என்ற மூன்று எண்களாகவும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்களின் வித்தியாசத்தை எடுத்து, அதோடு இடப்பக்கம், மேல்பக்கம், மூலைப்பக்கம் ஆகிய மூன்றில் எது சிறியதோ அதைக் கூட்ட வேண்டும். மாதிரி எண்கள் இடப்பக்கம் கீழ்நோக்கியும், கற்பவரின் எண்கள் மேலே குறுக்காகவும் இருக்கின்றன:

```
      1  3  1
  1   0  2  2
  3   2  0  2
  3   4  0  2
  1   4  2  0
```

கீழ் வலது மூலையில் இருப்பது மொத்த தூரம். அது 0. அதாவது இரண்டும் ஒன்றேதான் என்கிறது கணக்கு.

இப்போது அந்த 3, 3 என்பது ‘எத்தனை’ என்ற சொல்லில் உள்ள த்த என்று எண்ணிக்கொள்ளுங்கள். கற்பவர் த் என்ற ஒற்றெழுத்தை விழுங்கிவிட்டு ‘எதனை’ மாதிரிச் சொல்கிறார். அவர் வாயில் ஒரே ஒரு 3. டி.டி.டபிள்யூ அந்த ஒன்றை இரண்டுக்கும் ஒட்டவைத்துவிட்டு, தவறே இல்லை என்று சொல்லிவிடுகிறது. நெடிலைக் குறிலாகச் சொன்னாலும் இதே கதிதான். வேக வித்தியாசத்தை மறைப்பதுதான் இந்த முறையின் வேலை. தமிழிலோ நீளம்தான் பொருளையே மாற்றுகிறது. ஒடியாவின் எழுத்தில் குறில், நெடில் இரண்டும் உண்டு, ஆனால் பேச்சில் அந்த வேறுபாடு இல்லை. ஆகவே அங்கிருந்து வருபவர்களிடம் நாம் பிடிக்க வேண்டிய தவறும், இந்த முறை மறைத்துவிடுகிற தவறும் ஒன்றாகவே இருக்கின்றன.

தூரம் மறைத்தாலும் பாதை மறைக்காது. கீழ் மூலையிலிருந்து பின்னோக்கி நடந்தால், மாதிரியின் இரண்டாவது எண்ணும் மூன்றாவது எண்ணும் கற்பவரின் ஒரே எண்ணில் போய் நிற்பது தெரியும். எங்கே நீட்டினோம், எங்கே சுருக்கினோம் என்ற கணக்கு முழுவதும் அந்தப் பாதையில் இருக்கிறது. நாம் படிக்க வேண்டியது அதைத்தான்.

## வாக்கியமும் பதிவும்

எடுத்துக்கொள்ளும் வாக்கியம்: ‘எத்தனை கிலோ மாம்பழம் வேணும்?’ த்த என்ற இரட்டிப்பும், மா, வே என்ற நெடில்களும், பக்கத்திலேயே ஒப்பிடக் குறில்களும் இதில் இருக்கின்றன. மண்டியில் தினமும் வாயில் வரும் வாக்கியமும்கூட.

மாதிரிக் குரல் யாருடையது என்பதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். செய்தி வாசிப்பவர் மாதிரி ‘வேண்டும்’ என்று திருத்தமாகச் சொல்லும் குரல் இங்கே உதவாது. நான் மண்டியில் கணக்கெழுதும் அக்கா ஒருவரைச் சொல்லச் சொன்னேன். அவர் பழத்தைப் ‘பளம்’ என்பதுபோலத்தான் சொல்கிறார், இந்தப் பக்கம் பாதிப்பேர் அப்படித்தான். அதனால் ழ சரியாக வரவில்லை என்று கற்பவரைப் பிடித்துத் தொங்குவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன். அப்புறம், பேச்சில் ‘வேணும்’ என்பதன் கடைசி ம் உதடு மூடாமல் மூக்கொலியோடு கரைந்துவிடும். கற்பவர் உதட்டை மூடி ‘ம்’ என்று முடித்தால் அந்தக் கடைசிப் பகுதியில் தூரம் எகிறும். அதையும் தவறாக எண்ணக் கூடாது.

கைபேசிப் பதிவே போதும். பதிவு நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள். வீடு தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி இருந்தால் லாரி போய்முடியும்வரை பொறுங்கள். இது வெறும் சுத்தத்துக்காகச் சொல்வது இல்லை. த்த என்பதன் நடுப்பகுதி கிட்டத்தட்ட முழு நிசப்தம், நாக்கு பல்லில் அடைத்து நிற்கும் நேரம் அது. பின்னணி இரைச்சல் அந்த நிசப்தத்தை நிரப்பிவிட்டால் அளக்க ஒன்றும் மிஞ்சாது.

வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவானால் இப்படி மாற்றிக்கொள்ளலாம்:

```
ffmpeg -i in.ogg -ar 16000 -ac 1 out.wav
```

பிறகு ஆடாசிட்டியில் திறந்து முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தைக் கையாலேயே வெட்டிவிடுங்கள். டி.டி.டபிள்யூ பதிவைச் சிறுசிறு துண்டுகளாக, அதாவது ஃப்ரேம்களாக, எடுத்துக்கொண்டு முதல் ஃப்ரேமை முதல் ஃப்ரேமோடும் கடைசியைக் கடைசியோடும் கட்டாயமாகக் கட்டிப்போடும். முன்னால் அரை நொடி நிசப்தம் இருந்தால் அதையும் ‘எ’ என்ற ஒலியோடு ஒட்டவைக்கும்.

வெட்டிய பிறகுதான் மாதிரிப் பதிவில் லேபிள் போட வேண்டும், முன்பே போட்டால் நேரங்கள் நகர்ந்துவிடும். எல்லா ஒலிக்கும் லேபிள் தேவையில்லை. த்த அடைப்பு, மா-வின் ஆ, பழ-வில் முதல் அ, வே-யின் ஏ, கிலோவின் க அடைப்பு, ஓ. ஆறு போதும். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் அடைப்பு தட்டைக் கோடாகவும் உயிரொலி சீரான அலையாகவும் தெரியும். ஆடாசிட்டி லேபிள்களை ஆரம்பம், முடிவு, பெயர் என்று ஒரு உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்து தரும். இந்த வேலை ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு முறைதான், கற்பவர் எத்தனை பேர் வந்தாலும் அவர்களுடைய பதிவில் லேபிள் போடத் தேவையில்லை. அதைப் பாதையே செய்துவிடும்.

## ஒலியை எண்ணாக்குதல், பொருத்துதல்

ஒலியைப் பத்து மில்லிநொடிக்கு ஒரு ஃப்ரேம் என்று நறுக்கி, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 13 எண்கள் எடுக்கிறோம். எம்.எஃப்.சி.சி என்று சொல்வார்கள். குரலின் சுருதியை ஓரளவு ஒதுக்கிவிட்டு வாயின் வடிவத்தைப் பிடிக்கும் எண்கள் இவை. பைத்தானில் லிப்ரோசா நூலகம் இருந்தால் இவ்வளவுதான்:

```python
import librosa, numpy as np
SR, HOP = 16000, 160

def feats(path):
    y, _ = librosa.load(path, sr=SR)
    m = librosa.feature.mfcc(y=y, sr=SR, n_mfcc=13, n_fft=512,
            win_length=400, hop_length=HOP, n_mels=40)
    return (m - m.mean(1, keepdims=True)) / m.std(1, keepdims=True)

M, L = feats("model.wav"), feats("learner.wav")
D, wp = librosa.sequence.dtw(X=M, Y=L, metric="euclidean")
wp = wp[::-1]
```

மூன்று இடங்களைக் கவனியுங்கள். `n_mels` என்ற வடிகட்டி எண்ணிக்கையைக் கொடுக்காமல் விட்டால் 128 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு ஃப்ரேமுக்கு எடுக்கும் இவ்வளவு சிறிய ஒலித்துண்டுக்கு அது அதிகம், சில வடிகட்டிகள் காலியாக நின்று எச்சரிக்கை வரும். கடைசி வரி பாதையைத் திருப்பிப் போடுகிறது, ஏனென்றால் லிப்ரோசா அதை முடிவிலிருந்து ஆரம்பத்துக்குத்தான் தருகிறது.

மூன்றாவது, முதல் எண்ணை என்ன செய்வது என்பது. 13 எண்களில் முதலாவது ஒலியின் பலத்தைக் காட்டும். மைக்கின் தூரத்துக்கேற்ப அது மாறுகிறது என்று அதைத் தூக்கிவிடச் சொல்பவர்கள் உண்டு. இந்த வேலைக்கு நான் வைத்துக்கொள்கிறேன். நிசப்தத்தையும் பேச்சையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அதுதான், அதைத் தூக்கினால் த்த அடைப்பின் எல்லை மங்கிவிடும். மைக் தூர வித்தியாசத்தை, ஒவ்வொரு பதிவின் சராசரியையும் கழித்து திட்டவிலக்கத்தால் வகுக்கும் அந்த `return` வரி பார்த்துக்கொள்கிறது. அக்காவின் குரலுக்கும் கற்க வந்த தம்பியின் குரலுக்கும் உள்ள வேறுபாட்டையும் அதே வரி கொஞ்சம் குறைக்கும், முழுதாகக் குறைக்காது. மொத்த தூரத்தை நம்பாததற்கு இது இன்னொரு காரணம்: நன்றாகப் பேசும் ஆண் ஒருவர், சுமாராகப் பேசும் பெண்ணைவிட அந்த அக்காவிடமிருந்து தூரமாகத் தெரியலாம்.

## பாதையிலிருந்து நீளத்தை எடுத்தல்

மாதிரியில் லேபிள் போட்ட ஒவ்வொரு துண்டும் கற்பவரின் பதிவில் எங்கிருந்து எங்குவரை போய் விழுகிறது என்று கேட்கிறோம்:

```python
def span(t0, t1):
    a, b = round(t0*SR/HOP), round(t1*SR/HOP)
    j = wp[(wp[:,0] >= a) & (wp[:,0] < b), 1]
    return j.min()*HOP/SR, (j.max()+1)*HOP/SR
```

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அக்காவின் வாக்கியம் 1.50 நொடி, தம்பியுடையது 1.95 நொடி என்று வைத்துக்கொள்வோம். தம்பி மொத்தத்தில் 1.3 மடங்கு மெதுவாகப் பேசுகிறார். எனவே ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 1.3 மடங்கு நீள வேண்டும்.

வேணும் என்பதில் ஏ, அக்காவுக்கு 0.12 நொடி, தம்பிக்கு 0.15. இது 1.25 மடங்கு. வேகத்துக்கு ஏற்ற நீளம், பிரச்சினை இல்லை. த்த அடைப்பு அக்காவுக்கு 0.16, தம்பிக்கு 0.09. மெதுவாகப் பேசுபவருக்கு 0.21 அளவில் வந்திருக்க வேண்டிய இடம் அது, அதில் 0.43 பங்குதான் வந்திருக்கிறது, பாதிகூட வரவில்லை. ஒற்று போய்விட்டது. மாம்பழத்தின் ஆ அக்காவுக்கு 0.15, தம்பிக்கு 0.10. இதுவும் 0.20 அருகே வந்திருக்க வேண்டும். சந்தேகத்துக்குரியது.

சந்தேகம் என்று மட்டும் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெதுவாகப் பேசும்போது எல்லா ஒலியும் ஒரே விகிதத்தில் நீள்வதில்லை. உயிர் அதிகமாக நீளும், அடைப்பு அவ்வளவு நீளாது. அதனால் நெடில் விஷயத்தில் இன்னொரு அளவையும் பார்க்கிறேன்: அதே சொல்லுக்குள் நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள விகிதம். அக்காவின் மாம்பழத்தில் ஆ 0.15, பழ-வின் அ 0.07. இரண்டு மடங்குக்குச் சற்று மேல். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்த இலக்கணத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. தம்பிக்கு ஆ 0.10, அ 0.09. இரண்டும் ஒரே நீளம்தான். இப்போது சந்தேகம் தீர்ந்தது. பேசும் வேகம் என்னவாக இருந்தாலும் இந்த விகிதம் பெரிதாக ஆடாது என்பதால், நெடிலைப் பொறுத்தவரை வேறு எந்த அளவையும்விட இதைத்தான் நான் நம்புகிறேன்.

எல்லைக்கோடு எங்கே போடுவது? புத்தகத்தில் தேடாதீர்கள். அதே வாக்கியத்தை ஊர்க்காரர்கள் நாலைந்து பேரிடம், வயதும் ஆண் பெண்ணும் கலந்து, வேகமாகவும் நிதானமாகவும் சொல்லச்சொல்லிப் பதிவுசெய்து, அவர்களையும் அக்காவின் பதிவோடு இதே மாதிரிப் பொருத்துங்கள். அவர்களுடைய விகிதங்கள் எவ்வளவு அகலத்தில் சிதறுகின்றனவோ அதுதான் அனுமதிக்கப்பட்ட எல்லை. அதற்கு வெளியே விழுந்தால் மட்டும் கற்பவரிடம் சொல்லுங்கள். ஒரு ஃப்ரேம் பத்து மில்லிநொடி, பாதை அதிலேயே இரண்டு மூன்று ஃப்ரேம் இப்படி அப்படி நகரும். ஆகவே 0.02 நொடி, 0.03 நொடி வித்தியாசத்தைப் பெரிதுபடுத்துவதில் அர்த்தமில்லை.

## எங்கே ஏமாற்றும்

மிக அடிக்கடி வருவது நடுவில் நிற்கும் தயக்கம். கற்பவர் ‘எத்தனை’ என்று சொல்லிவிட்டு அரை நொடி யோசித்து ‘கிலோ’ என்கிறார். மாதிரியில் அந்த இடத்தில் நிசப்தம் எதுவும் கிடையாது, கிலோவின் க அடைப்பு ஒன்றைத் தவிர. எனவே அந்த அரை நொடி முழுவதையும் டி.டி.டபிள்யூ அந்தக் க-வுக்குள் அடைத்துவிடும். க 0.06-லிருந்து 0.55 நொடியாகிவிட்டது போலத் தெரியும். அதோடு மொத்த நீளமும் கூடுவதால் வேக விகிதம் ஏறி, ஒழுங்காகச் சொன்ன மற்ற ஒலிகளெல்லாம் குட்டையாகத் தெரியும். க-வுக்கும் லேபிள் போடச் சொன்னது இதற்காகத்தான், தயக்கம் அங்கே அகப்பட்டுவிடும்.

உடனே தோன்றும் தீர்வு நிசப்தத்தையெல்லாம் நீக்கிவிடுவது. அதைச் செய்தால் த்த-வும் சேர்ந்து போய்விடும், அதுவும் நிசப்தம்தானே! சொற்களுக்கு இடையே 0.30 நொடிக்கு மேற்பட்ட நிசப்தத்தை மட்டும் வெட்டுங்கள், அதையும் முழுதாக வெட்டாமல் 0.06 நொடி அளவுக்கு மிச்சம் வையுங்கள். வேக விகிதத்துக்கும் மொத்த நீளத்தை எடுக்காமல், எல்லாத் துண்டுகளின் விகிதங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். ஒன்றிரண்டு துண்டு தாறுமாறாகப் போனாலும் நடு எண் பெரிதாக அசையாது.

சில சமயம் தயக்கம் த்த-வுக்குள்ளேயே நடந்துவிடும். ‘எத்… தனை’ என்று நாக்கை ஒட்டவைத்துக்கொண்டே யோசிப்பார்கள். அடைப்பு 0.45 நொடி காட்டும். இதை ஒற்று நன்றாக வந்தது என்று கணக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. நீளத்துக்குக் கீழ் எல்லை போலவே மேல் எல்லையும் வேண்டும்.

‘ம்ம்… எத்தனை’ என்று ஆரம்பிப்பவர்களுக்கு `dtw` அழைப்பில் `subseq=True` சேர்த்தால், மாதிரி வாக்கியத்தைக் கற்பவரின் பதிவுக்குள் எங்கே இருக்கிறதோ அங்கே தேடிப் பொருத்தும். மொத்த நீளத்தைக் கேட்கும்போது மட்டும் பாதையின் முதல் ஃப்ரேமுக்கும் கடைசி ஃப்ரேமுக்கும் இடையே உள்ளதை எடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. டி.டி.டபிள்யூ ‘பொருந்தவில்லை’ என்று ஒருபோதும் சொல்லாது. கற்பவர் ‘ரெண்டு பெட்டி கொடுங்க’ என்று வேறு வாக்கியத்தையே சொல்லியிருந்தாலும் ஒரு பாதையைப் போட்டுக் கொடுக்கும், `span` அதிலிருந்து நீளங்களையும் எடுத்துக் கொடுக்கும், எல்லாம் பார்க்க ஒழுங்காக இருக்கும். மொத்த தூரத்துக்கு இருக்கும் ஒரே நல்ல உபயோகம் இங்கேதான்:

```python
cost = np.linalg.norm(M[:, wp[:,0]] - L[:, wp[:,1]], axis=0)
print(cost.mean())
```

ஊர்க்காரர்கள் இதே வாக்கியத்தைச் சொன்னபோது இந்தச் சராசரி எவ்வளவு, வேறு வாக்கியங்களைச் சொன்னபோது எவ்வளவு என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கற்பவரின் எண் இரண்டாவது கும்பலின் பக்கம் விழுந்தால், நீளங்களைப் பார்க்கவே வேண்டாம், மறுபடி சொல்லச் சொல்லுங்கள். வரைபடத்திலும் இது தெரியும். `import matplotlib.pyplot as plt` சேர்த்து, `plt.plot(wp[:,1], wp[:,0])` என்று வரைந்து `plt.show()` கொடுத்தால், சரியான வாக்கியத்துக்குக் கோடு மூலைக்கு மூலை ஏறக்குறைய நேராகப் போகும், அங்கங்கே சிறு படிக்கட்டுகளோடு. தவறான வாக்கியத்துக்கு நீண்ட கிடைக்கோடும் நீண்ட செங்குத்துக் கோடுமாக மாறிமாறி வரும்.

பாதை அதிகம் விலகாமல் இருக்கப் பட்டை போட்டுக் கட்டுப்படுத்தும் வசதியும் உண்டு (`global_constraints=True`, `band_rad=0.25`). நீண்ட பதிவுகளுக்கு நல்லது. இரண்டு நொடி வாக்கியத்தில், அதுவும் தயங்கிப் பேசுபவரிடம், அது பாதையை வளைத்து எல்லைகளைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் வைக்கும். நான் பயன்படுத்துவதில்லை.

## கற்பவரிடம் என்ன காட்டுவது

தம்பியிடம் 0.43 என்ற எண்ணைக் காட்டிப் பயனில்லை. பாதை கொடுத்த நேரங்களை வைத்து ‘எத்தனை’ என்ற சொல்லை மட்டும் இரண்டு பதிவிலிருந்தும் வெட்டி, அக்காவுடையதையும் அவருடையதையும் அடுத்தடுத்து மூன்று முறை ஓட விடுங்கள். அடைப்பை மட்டும் தனியாக வெட்டினால் காதுக்கு ஒன்றும் கேட்காது, அதனால் முழுச் சொல்லாக வெட்ட வேண்டும். முன்னும் பின்னும் 0.05 நொடி சேர்த்துக்கொண்டால் வெட்டுச் சத்தம் குறையும். நீங்களும் கேளுங்கள். இயந்திரம் தவறு என்று காட்டியதை உங்கள் காது சரி என்று சொன்னால் காது சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் லேபிளின் எல்லை ஒன்று நகர்ந்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு தவறை மட்டும் சொல்லுங்கள். த்த-வைத் திருத்தும் முயற்சியில் அவர் முழு வாக்கியத்தையும் மெதுவாக்கிவிடுவது வழக்கம். அப்போது அடைப்பு 0.09-லிருந்து 0.13 ஆகியிருக்கும், அவரும் ‘சரியா அக்கா?’ என்று மாதிரி சொன்னவரைப் பார்ப்பார். வேக விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். வாக்கியமும் 1.95-லிருந்து 2.80 நொடிக்குப் போயிருந்தால், அந்த ஒற்று இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.